சிறுநீர் தாராளமாகப் போகிறதே, பிறகு என்ன குறை?

சென்ற கோடையில் ஒக்கூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பத்திரண்டு வயது விவசாயி ஒருவர் தம் மனைவியுடன் என்னிடம் வந்தார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே வலி மாத்திரை வாங்கி நெடுநாளாக உட்கொண்டு வந்தவர். சில மாதங்களாகக் களைப்பும் பசியின்மையும் இருந்தன. இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு 4.0 என்று வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் குடலிறக்க அறுவை சிகிச்சைக்காகப் பார்த்தபோது அது 1.0 ஆக இருந்திருக்கிறது.

சிறுநீரகங்களின் வேலைத்திறன் பெரும்பகுதி போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அதெப்படி டாக்டர் ஐயா? மூத்திரம் தாராளமாப் போகுதே. ராத்திரியில மட்டும் நாலு தடவை எந்திரிக்கிறேன். கிட்னி கெட்டுப்போனா மூத்திரம் நிக்கத்தானே செய்யணும்?"

அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேற யாரு ரத்தத்தையோ மாத்திப் பாத்துட்டாகளோன்னு இவுக நினைக்கிறாக."

இந்தக் கேள்வியை நான் வாரந்தோறும் கேட்கிறேன். கேட்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் எழுப்புவது நியாயமான ஐயம். சிறுநீரகம் என்பது சிறுநீரை உண்டாக்கும் உறுப்பு என்றால், சிறுநீர் குறையாதபோது உறுப்பு எப்படிக் கெட்டிருக்க முடியும்? இதற்கு விடை காண, இரத்தம் வடிகட்டப்பட்டுச் சிறுநீராக மாறும் வழியைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

முதல் படி: வடிகட்டுதல்

முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, நம் கைப்பிடி அளவில் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம் எடை. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு, இதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் போய்ச் சேருகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் சற்று மேல்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டியும் அதைத் தொடர்ந்து செல்லும் ஒரு நுண்குழலும் சேர்ந்த அமைப்பு. வடிகட்டிக்குக் கிளாமருலஸ் என்று பெயர். மயிரிழையினும் மெல்லிய இரத்தக் குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு, பௌமானின் கிண்ணம் எனப்படும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கின்றன. அந்தச் சுருளுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் நுண்தமனி ஒன்று. வெளியே கொண்டுசெல்லும் நுண்தமனி மற்றொன்று. வெளியேறும் வழி குறுகலாக இருப்பதால் சுருளுக்குள் அழுத்தம் உயர்கிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறுவது போன்றது அது. அந்த அழுத்தமே இரத்தத்தின் நீர்ப்பகுதியைச் சுருளின் சுவர் வழியே கிண்ணத்துக்குள் தள்ளுகிறது.

அந்தச் சுவர் அளவு பார்த்து விடுகிறது. நீர், உப்பு, சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் போன்ற சிறிய பொருள்கள் தடையின்றிக் கடந்துவிடும். இரத்த அணுக்கள் கடப்பதில்லை. ஆல்புமின் என்னும் புரதமும் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்திலேயே தடுக்கப்படுகிறது. சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இந்தச் சுவரைப் பழுதாக்கும்போது ஆல்புமின் கசியத் தொடங்குகிறது. சிறுநீரில் நெடுநேரம் அடங்காத நுரை தோன்றுவதற்கு அது ஒரு காரணம்.

இனி அளவைப் பார்ப்போம். நல்ல நிலையிலுள்ள இளைஞருக்கு இரு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன. ஐம்பதை எட்டியவருக்கு அது 100 அளவுக்கு இறங்கியிருக்கலாம். கணக்கு எளிதாக இருக்க, 100 என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். ஆகவே ஒரு நாளில் வடிவது 144 லிட்டர்.

நம் உடலில் உள்ள பிளாஸ்மா, அதாவது அணுக்கள் நீங்கிய இரத்த நீர், மூன்று லிட்டர் மட்டுமே. அதே மூன்று லிட்டர்தான் ஒரு நாளில் நாற்பது முறைக்கு மேல் வடிகட்டப்படுகிறது. வடிந்ததெல்லாம் அப்படியே சிறுநீராகப் போய்விடுமானால், அரை மணி நேரத்தில் இரத்தத்தில் நீர் இராது.

இரண்டாம் படி: திரும்ப எடுத்துக்கொள்ளுதல்

போகிக்கு முன் வீடு ஒழிப்பதைச் செட்டிநாட்டில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அறையறையாகப் புகுந்து எது வேண்டும், எது வேண்டாம் என்று இருட்டில் தேடுவதில்லை. பாத்திரம், பெட்டி, பாய் என எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து பரப்பிவிடுகிறோம். பிறகு வேண்டியவற்றை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைக்கிறோம். கடைசியில் முற்றத்தில் மிஞ்சுவது எதுவோ அதுவே கழிவு.

சிறுநீரகம் செய்வதும் இதுவே. அது கழிவைத் தேடிப் பொறுக்கி எடுப்பதில்லை. நல்லது கெட்டது பாராமல் சிறியவற்றை எல்லாம் முதலில் வெளியே விட்டு, வேண்டியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த முறையில் ஒரு பெரிய நன்மை உண்டு. உடல் இதுவரை கண்டிராத ஒரு பொருள் இரத்தத்தில் வந்து சேர்ந்தாலும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இல்லாததால் அது தானே வெளியேறிவிடும்.

இது வெறும் ஊகமாக நெடுங்காலம் இருந்தது. 1842இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் பௌமான் கிண்ணத்தின் அமைப்பை விவரித்தார். அக்காலத்திலேயே ஜெர்மனியின் கார்ல் லுட்விக், இரத்தத்தின் அழுத்தமே நீரை வடியச் செய்கிறது என்றும், வடிந்ததில் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுகிறது என்றும் வாதிட்டார். நேரடிச் சான்று 1924இல் கிடைத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வேர்ன், ஏ. என். ரிச்சர்ட்ஸ் ஆகிய இருவரும் உருப்பெருக்கியின் கீழ் ஒரு தவளையின் சிறுநீரகக் கிண்ணத்துக்குள் மிக நுண்ணிய குழாயைச் செலுத்தி, அங்கு வடிந்த துளியை எடுத்துச் சோதித்தனர். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் உப்பும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலிருந்த நீரிலோ அந்தச் சர்க்கரை இல்லை. வடிந்த பொருள் வழியிலேயே திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது என்பது அதனால் உறுதியாயிற்று.

மனிதருக்கும் அப்படியே. கிண்ணத்திலிருந்து புறப்படும் வடிதிரவம் முதலில் அண்மைச் சுருள் நுண்குழலுக்குள் செல்கிறது. அங்கேயே நீரிலும் உப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. சர்க்கரை முழுவதும் திரும்புகிறது. இரத்தச் சர்க்கரை 180ஐ ஒட்டித் தாண்டினால் மட்டும் எடுத்துக்கொள்ளும் ஆற்றல் போதாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. வழியும் சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துச் செல்கிறது. சர்க்கரை கட்டுப்படாதபோது அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்குக் காரணம் அது. உப்பைப் பொறுத்தவரை, ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேல் வடிந்து, சில கிராம் தவிர அனைத்தும் மீட்கப்படுகிறது.

அடுத்து வருவது ஹென்லே வளைவு. கொண்டை ஊசி போல வளைந்து சிறுநீரகத்தின் உட்பகுதிக்குள் இறங்கி ஏறும் குழல் இது. அது உப்பை வெளியே தள்ளித் தள்ளி, சிறுநீரகத்தின் உட்பகுதியைக் கடும் உப்புத்தன்மை உள்ள இடமாக வைத்திருக்கிறது. அதன் பயன் கடைசியில்தான் தெரியும். அதற்குமுன் சேய்மைச் சுருள் நுண்குழலும் அதை அடுத்த பகுதியும் உப்பு, பொட்டாசியம், அமிலம் ஆகியவற்றின் அளவைத் திருத்துகின்றன. மிகையான பொட்டாசியமும் அமிலமும் சில மருந்துகளும் இரத்தத்திலிருந்து நேரே நுண்குழலுக்குள் சேர்க்கப்படுவதும் உண்டு. இதைச் சுரத்தல் என்பர்.

இறுதியாகத் திரவம் சேகரிப்பு நாளத்தின் வழியே அந்த உப்பான உட்பகுதியைக் கடந்து போகிறது. உடலில் நீர் குறைவாக இருந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை விடுகிறது. அது நாளத்தின் சுவரில் நீர் செல்லும் வழிகளைத் திறக்கிறது. ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பிட்டால் அதன் நீர் வெளியே வந்துவிடுவது போல, நாளத்துக்குள் இருக்கும் நீரைச் சுற்றியுள்ள உப்பு இழுத்துக்கொள்கிறது. எஞ்சுவது செறிந்த, மஞ்சள் நிறச் சிறுநீர். நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் ஹார்மோன் அடங்கும், வழிகள் மூடும், சிறுநீர் நிறமற்று நீர்த்துப் போகும்.

144 லிட்டரில் 142 லிட்டர் இவ்வாறு வீடு திரும்புகிறது. வெளியே போவது இரண்டு லிட்டர்.

ஒரே அளவு சிறுநீர், நான்கு வேறு நிலைகள்

இப்போது நம் விவசாயியின் கேள்விக்கு வருவோம். அன்று ஒரு தாளை எடுத்து அவருக்குப் போட்டுக்காட்டிய கணக்கையே இங்கும் தருகிறேன்.

கிரியாட்டினின் என்பது தசைகள் இயங்குவதால் நாள்தோறும் உண்டாகும் ஒரு கழிவு. உழைத்து உரமேறிய உடலில் நாளுக்கு 1,440 மில்லிகிராம் உண்டாகிறது என்று கொள்வோம். அது வடிகட்டியில் தடையின்றி வடியும். நுண்குழலில் யாரும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. எனவே அன்றாடம் உண்டாவது அன்றாடம் வெளியேற வேண்டும்.

சிறுநீரகங்கள் 144 லிட்டர் வடிகட்டும்போது, 1,440 மில்லிகிராம் வெளியேற லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் இருந்தால் போதும். ஆய்வுக்கூட அறிக்கைகள் 100 மில்லிலிட்டருக்குக் கணக்கிடுவதால் அது 1.0 என்று அச்சாகும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் இருந்த நிலை இது. 142 லிட்டர் திரும்பியது; இரண்டு லிட்டர் சிறுநீராயிற்று.

நெஃப்ரான்களில் பாதி அழிந்தால் 72 லிட்டர்தான் வடியும். தசைகளோ வழக்கம்போல் 1,440 மில்லிகிராமை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். எனவே கழிவு இரத்தத்தில் தேங்கி, அதன் அடர்த்தி இரு மடங்காகும் வரை ஏறும். அறிக்கையில் 2.0. அந்த நிலையில் 72 லிட்டரும் சேர்ந்து அதே 1,440 மில்லிகிராமை வெளியேற்றிவிடும். சிறுநீர்? நுண்குழல்கள் 70 லிட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வெளியே வருவது அதே இரண்டு லிட்டர்.

மீண்டும் பாதி போனால் 36 லிட்டர் வடியும். கிரியாட்டினின் 4.0. திரும்புவது 34, சிறுநீர் இரண்டு லிட்டர். அவர் என் முன் அமர்ந்திருந்த நிலை இது.

இன்னும் பாதி போனால் 18 லிட்டர். கிரியாட்டினின் 8.0. திரும்புவது 16. அப்போதும் சிறுநீர் இரண்டு லிட்டராகவே இருக்கலாம்.

நான்கு நிலைகளிலும் சிறுநீரின் அளவு ஒன்றே. ஏனெனில் சிறுநீரின் அளவை முடிவு செய்வது வடிகட்டியின் வலிமை அன்று. நாம் குடித்த நீரின் அளவு. குடித்ததில் வியர்வையாகவும் மூச்சாகவும் போனது நீங்க, மிச்சம் வெளியேறியாக வேண்டும். அதற்கேற்ப எஞ்சிய நுண்குழல்கள் தாம் திரும்ப எடுக்கும் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. நல்ல சிறுநீரகம் வடிந்ததில் நூற்றுக்கு ஒன்றரை பங்கைக்கூட வெளியே விடுவதில்லை. நம் விவசாயியின் சிறுநீரகம் ஐந்தரை பங்கை விட்டுக்கொண்டிருந்தது. ஆகவே சிறுநீர் குறையவில்லை. குறைந்தது இரத்தம் சுத்தமாகும் அளவு. அந்தக் குறை இரத்தத்தில் மட்டுமே தெரியும்.

இக்கணக்கில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 4.0 என்பது 8.0 ஆனால் எல்லோரும் பதறுகிறோம். அங்கே இழந்தது 18 லிட்டர். 1.0 என்பது 2.0 ஆனபோது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம்; அங்கே இழந்ததோ 72 லிட்டர். பெரிய இழப்பு சத்தமில்லாமல் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது.

அவருடைய அறிக்கையில் 'மதிப்பிடப்பட்ட வடிகட்டும் வேகம்' நிமிடத்துக்கு 17 மில்லிலிட்டர் என்று இருந்தது. என் எளிய கணக்குப்படி 25 வர வேண்டும். கிரியாட்டினின் வடிகட்டி வழியே மட்டும் வெளியேறுவதாக நான் கொண்டதால் வந்த வேறுபாடு இது. உண்மையில் அதில் ஒரு பகுதி நுண்குழலில் சுரந்தும் வெளியேறுகிறது. சிறுநீரகம் நலியும்போது அந்தப் பங்கு கூடுகிறது. எனவே உண்மை நிலை என் தாளில் எழுதியதைவிடச் சற்று மோசமாகவே இருந்தது.

இரவில் நான்கு முறை எழுவது ஏன்?

அவர் நல்ல அறிகுறி என்று எண்ணிச் சொன்னதே நோயின் அறிகுறியாக இருந்தது.

நாள்தோறும் சிறுநீரில் கரைந்து வெளியேற வேண்டிய பொருள்கள் ஏறத்தாழ 600 மில்லிஆஸ்மோல். பெயரை மறந்துவிட்டு 600 பங்கு என்று கொள்ளலாம். நல்ல சிறுநீரகம் தன் உப்பான உட்பகுதியின் உதவியால் ஒரு லிட்டர் நீரில் 1,200 பங்கு வரை செறிவூட்ட வல்லது. அப்படியானால் 600 பங்கை வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீர் போதும். உறக்கத்தில் நாம் நீர் அருந்துவதில்லை; சிறுநீரகமும் சிக்கனமாகச் செறிந்த சிறுநீரையே உண்டாக்குகிறது. ஆகவே விடியும்வரை தூங்க முடிகிறது.

நெஃப்ரான்கள் பெருமளவு அழிந்தபின் அந்த உப்பான உட்பகுதி நிலைகுலைகிறது. மேலும், எஞ்சிய ஒவ்வொரு நுண்குழலும் பன்மடங்கு கழிவைச் சுமக்க வேண்டியிருப்பதால், திரவம் அதற்குள் விரைந்து ஓடிவிடுகிறது. இரத்தத்தின் செறிவான 300 பங்குக்கு மேல் அதனால் செறிவூட்ட முடிவதில்லை. அப்போது அதே 600 பங்கை வெளியேற்ற இரண்டு லிட்டர் வேண்டும். பகலிலும் இரவிலும் ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும்.

இரவில் எழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. முதியவர்களுக்குப் புராஸ்டேட் வீக்கம், கட்டுப்படாத சர்க்கரை, கால் வீக்கம், சில மருந்துகள் ஆகியவற்றாலும் நேரும். எனவே அவற்றை விலக்கிப் பார்த்தோம். ஸ்கேனில் அடைப்பு இல்லை. புராஸ்டேட் பெரிதாக இல்லை. சிறுநீரில் சர்க்கரை வழியவில்லை. பிறகு இரவு முழுவதும் நீர் அருந்தாமல் காலையில் பிடித்த முதல் சிறுநீரின் ஒப்படர்த்தியைப் பார்த்தோம். நீருக்கு அது 1.000. நல்ல சிறுநீரகம் உள்ளவரின் காலைச் சிறுநீரில் 1.020ஐத் தாண்டும். அவருக்கு 1.010. மாலையில் எடுத்தபோதும் 1.010. கிண்ணத்தில் வடியும் திரவத்தின் செறிவும் இதுவே. அதாவது நுண்குழல்கள் அதைச் செறிவாக்கவும் இல்லை, நீர்க்கச் செய்யவும் இல்லை. இத்துடன் ஆல்புமின் கசிவும் மிகுதியாக இருந்தது. இரத்தம் மாறிப் போகவில்லை என்பது அவருக்கும் புரிந்தது.

இதில் ஓர் ஆபத்தும் உள்ளது. வயிற்றுப்போக்கோ கடும் வாந்தியோ வந்தால் நல்ல சிறுநீரகம் உடனே சிறுநீரைச் சுருக்கி உடலின் நீரைக் காக்கும். செறிவூட்டும் திறனை இழந்த சிறுநீரகத்தால் அது இயலாது. வெளியே நீர் போய்க்கொண்டிருக்கும். உள்ளே வறட்சி ஏறும். எஞ்சிய வேலைத்திறனும் சில நாள்களில் விழுந்துவிடும். இத்தகைய நோயாளிகள் வயிற்றுப்போக்கின்போது வீட்டில் காத்திராமல் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலை

சித்திரை வெயிலில் நாள் முழுவதும் வேலை செய்தவருக்கு மாலையில் சிறிதளவே, அடர் மஞ்சளாகச் சிறுநீர் போகும். அது சிறுநீரகக் கோளாறு அன்று. தாகத்தில் இருக்கும் உடலுக்காகச் சிறுநீரகம் தன் முழுத் திறனையும் காட்டுகிறது. தண்ணீரோ மோரோ அருந்தினால் சில மணி நேரத்தில் நிறம் வெளுக்கும். போதிய நீர் அருந்திய பின்னும் சிறுநீர் வரவில்லை என்றாலோ, முற்றிலும் நின்றுபோனாலோ அது அவசர நிலை. அடைப்பாகவோ திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பாகவோ இருக்கலாம்.

வெயிலில் நீரின்றி உழைப்பதை ஆண்டுக்கணக்கில் தொடர்வது வேறு செய்தி. இலங்கையின் அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் உழவர்களிடையே காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. அவர்களில் பலருக்குச் சர்க்கரையும் இல்லை, உயர் அழுத்தமும் இல்லை. வெப்பமும் நீர்வறட்சியும் காரணமா, பூச்சிக்கொல்லியா, குடிநீரா என்று ஆய்வுகள் நடக்கின்றன. அந்நோய் முதலில் தாக்குவது வடிகட்டியை அன்று, நுண்குழல்களை. ஆகவே ஆல்புமின் அதிகம் கசிவதில்லை, நுரை இல்லை, சிறுநீரும் குறைவதில்லை. சிறுநீரைப் பார்த்தே நலம் அறியலாம் என்று நம்பியிருப்பவர் அங்கே முற்றிலும் ஏமாந்துபோவார்.

தண்ணீர் நிறையக் குடித்தால் கழுவிவிடாதா?

அவர் மனைவி இதைக் கேட்டார். மேலே உள்ள கணக்கே விடை சொல்கிறது. ஒருவர் நான்கு லிட்டர் கூடுதலாகக் குடித்தால், சிறுநீர் இரண்டு லிட்டரிலிருந்து ஆறு லிட்டராகும். திரும்பும் அளவு 34 லிட்டரிலிருந்து 30ஆகக் குறையும். வடியும் அளவோ அதே 36 லிட்டர். இரத்தம் சுத்தமாவது வடியும் அளவைப் பொறுத்தது. கடைசியில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் பொறுத்ததன்று. நீர்வறட்சி இருந்தால் அதை நீக்க வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர் மிகுதியாக நீர் அருந்துவதும் நல்லது. அழிந்த நெஃப்ரான்களைத் தண்ணீர் மீட்காது. நோய் முற்றிக் கால் வீங்கியவருக்கோ மிகை நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கும். எவ்வளவு அருந்தலாம் என்பதை அவரவர் நிலைக்கேற்ப மருத்துவரே சொல்ல வேண்டும்.

அறிக்கையில் எதைப் பார்ப்பது?

சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள், நெடுநாள் வலி மாத்திரை உட்கொண்டவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரண்டு சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். ஒன்று, இரத்தத்தில் கிரியாட்டினின். மற்றொன்று, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். அது 30க்கு மேல் இருந்து, மூன்று மாதங்களுக்குப் பின்னும் அப்படியே நீடித்தால் வடிகட்டியின் சுவர் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். முதலாவது எவ்வளவு வடிகிறது என்பதைச் சொல்லும். இரண்டாவது எது கசிகிறது என்பதைச் சொல்லும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். அது தசையிலிருந்து வருவது. மெலிந்த உடலும் எழுபது வயதும் உள்ள ஒரு மூதாட்டிக்கு 1.2 என்று வந்தால், அறிக்கையில் அது இயல்பை ஒட்டியதாகத் தோன்றும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய வடிகட்டும் வேகம் 50க்குக் கீழே இருக்கும். அதனால்தான் அறிக்கையில் 'மதிப்பிடப்பட்ட வடிகட்டும் வேகம்' எவ்வளவு என்று கேட்டுப் பெறுங்கள் என்கிறோம். பழைய அறிக்கைகளைத் தூக்கி எறியாமல் ஒரு கோப்பில் வைத்திருங்கள். நம் விவசாயியின் பழைய தாள் ஒன்று வீட்டுப் பெட்டியில் கிடந்ததால்தான், மூன்று ஆண்டுகளில் எவ்வளவு போயிற்று என்பது எங்களுக்குத் தெரிந்தது.

அவர் வலி மாத்திரையை நிறுத்தினார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன. இரண்டு மாதங்களில் கிரியாட்டினின் 3.4இல் நின்றது. அழிந்தவை திரும்பி வரா; எஞ்சியவற்றை நெடுநாள் காப்பதே இப்போதைய முயற்சி. டயாலிசிஸ் தேவைப்படும் நாள் வந்தால் திடீரென்று திகைக்காதிருக்க, கைநரம்பைக் காப்பது பற்றியும் மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறோம். இடது கையில் ஊசி போட வேண்டாம் என்று அவரே எங்கள் செவிலியரிடம் சொல்லிவிடுகிறார்.

சென்ற முறை வந்தபோது தம் தம்பியையும் அழைத்து வந்திருந்தார். தம்பிக்கும் ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை உண்டு. தொந்தரவு எதுவும் இல்லை. "இவனுக்கும் மூத்திரம் நல்லாத்தான் போகுது டாக்டர் ஐயா. அதான் ரத்தத்தைப் பாத்துரலாம்னு கூட்டியாந்தேன்" என்றார்.